ஜாமீன் கையெழுத்து போடும் மருத்துவமனை

ரெயின்போ குழந்தைகள் மருத்துவமனையின் போர்டை எப்போதாவது நின்று படித்திருக்கிறீர்களா? 1999-ல் ஹைதராபாத்தில் 50 படுக்கைகளோடு குழந்தைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு சென்னை உட்படப் பல நகரங்களுக்கு வந்தது. பிரசவமும் மகளிர் மருத்துவமும் பார்க்க ஆரம்பித்தபோது அந்தப் பிரிவுக்கு 'ரெயின்போ மகப்பேறு' என்று பெயர் வைக்கவில்லை. 'பர்த்ரைட் பை ரெயின்போ' என்று வைத்தார்கள். முன்னால் ஒரு புதுப் பெயர், பின்னால் 'பை' போட்டுப் பழைய பெயர்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? கொஞ்சம் யோசித்தால் பிடிபடும். ரெயின்போ என்றதும் மனசுல வருவது குழந்தைகள் டாக்டர். கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்தப் பெயர் நல்ல பெயர்தான், ஆனால் 'என் பிரசவத்தை இவங்க பார்ப்பாங்களா?' என்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதே சமயம், பிறக்கிற குழந்தைக்கு ஒன்று என்றால் பக்கத்திலேயே ரெயின்போ இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய தைரியம். ஆகவே முதல் சொல் பிரசவத்தைச் சொல்கிறது, கடைசிச் சொல் தைரியம் கொடுக்கிறது. பிராண்டிங் பாடத்தில் இதற்கு எண்டார்ஸ்டு பிராண்ட் என்று பெயர். எனக்கு இதைப் புரியவைத்தது பாடப்புத்தகம் இல்லை, கூட்டுறவு வங்கியில் ஜாமீன் கையெழுத்து போடுகிற வழக்கம்தான். கடன் வாங்குவது ஒருத்தர், பின்னால் கையெழுத்து போடுவது இன்னொருத்தர். கையெழுத்து போட்டவரை நம்பித்தான் கடன் கிடைக்கிறது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் நோட்டீஸ் யாருக்கு வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனைகள் ஸ்பெஷாலிட்டி கிளினிக் திறக்கும்போது நடப்பது அச்சு அசலாக இதுதான்.

டேவிட் ஆக்கர், எரிக் யோகிம்ஸ்தாலர் என்ற இருவர் 2000-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதையெல்லாம் ஒரே கோட்டில் வரிசைப்படுத்தினார்கள். கோட்டின் ஒரு முனையில் எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டுப் பெயர். மறுமுனையில் ஒன்றுக்கொன்று சொந்தமே தெரியாத தனித்தனிப் பெயர்கள். நடுவில் இரண்டு நிலைகள். வீட்டுப் பெயர் முன்னால் நின்று புதுப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தால் அது சப் பிராண்ட். புதுப் பெயர் முன்னால் நின்று வீட்டுப் பெயர் பின்னால் ஜாமீன் கொடுத்தால் எண்டார்ஸ்டு பிராண்ட். 'கோர்ட்யார்ட் பை மேரியட்' ஹோட்டல்தான் இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம்.

நம்ம ஊர் அப்பல்லோவைப் பாருங்கள். 1983-ல் கிரீம்ஸ் சாலைப் பக்கம் 150 படுக்கைகளோடு ஆரம்பித்தது. இன்று அப்பல்லோ கிளினிக், அப்பல்லோ கிரேடில், அப்பல்லோ ஸ்பெக்ட்ரா, அப்பல்லோ டயக்னாஸ்டிக்ஸ் என்று வரிசை நீள்கிறது. எல்லாவற்றிலும் அப்பல்லோதான் முன்னால். ஆகவே கறாராகச் சொன்னால் இவை சப் பிராண்டுகள். ஸ்பெக்ட்ரா வந்த கதை கவனிக்க வேண்டியது. 2015-ல் நோவா என்ற பெயரில் இயங்கிய அறுவை சிகிச்சை மையங்களை அப்பல்லோ குழுமம் வாங்கியது. கருத்தரிப்பு மையங்கள் நோவா என்ற பெயரிலேயே தனியாகத் தொடர்ந்தன. வாங்கிய மையங்களுக்கு அப்பல்லோ ஸ்பெக்ட்ரா என்று புதுப் பெயர் வந்தது. பழைய பெயரை வைத்துக்கொண்டிருந்தால் வேறொருவர் நடத்தும் மையத்துக்கும் சேர்த்து விளம்பரம் செய்த மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொன்று அப்பல்லோ சுகர். 'டயாபடிஸ் கேர்' என்று வைக்காமல் 'சுகர்' என்று வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. நம் ஊரில் யாரும் 'எனக்கு நீரிழிவு' என்று சொல்வதில்லை, 'சுகர் இருக்கு' என்றுதான் சொல்வார்கள். நோயாளி வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள்.

சரி, எப்போது சப் பிராண்ட், எப்போது எண்டார்ஸ்டு? ஒரே கேள்விதான்: தாய்ப் பெயருக்கு ஏற்கெனவே இருக்கும் அர்த்தம் புது கிளினிக்குக்கு உதவுகிறதா, குறுக்கே நிற்கிறதா? அப்பல்லோ ஆரம்பத்திலிருந்தே எல்லா நோயும் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி. அந்தப் பெயரை எதற்கு முன்னாலும் வைக்கலாம். ரெயின்போவுக்கு அந்த வசதி இல்லை. பெங்களூரு நாராயண ஹிருதயாலயாவுக்கும் இல்லை. ஹிருதயாலயா என்றால் இதயத்துக்கான இடம். இதய மருத்துவமனையாக இருந்தவரை அதைவிட நல்ல பெயர் கிடையாது. புற்றுநோய், சிறுநீரகம், எலும்பு என்று விரிந்தபோது அதே பெயர் சட்டையைப் பிடித்து இழுத்தது. 2013-ல் நாராயணா ஹெல்த் என்று மாற்றினார்கள். ஆனால் கம்பெனியின் சட்டப் பெயர் நாராயண ஹிருதயாலயா லிமிடெட்டாகவே இருந்தது, 2016-ல் பங்குச்சந்தைக்கு வந்ததும் அந்தப் பெயரில்தான். சட்டப் பெயரும் போர்டுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இது நிறைய பேருக்குத் தெரியாமல், போர்டை மாற்றவே பயப்படுவார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் இப்படி ஓர் ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலும் இருக்கும். 120 படுக்கை, 25 வருஷப் பழக்கம், பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் பேர்போனது. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் பிறந்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு 'அ' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இப்போது மூன்று புதுச் சேவைகள் வருகின்றன: வளாகத்துக்குள்ளேயே 10 இயந்திரங்களோடு டயாலிசிஸ், மூன்று கிலோமீட்டர் தள்ளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சுகர் கிளினிக், தனிக் கட்டடத்தில் கருத்தரிப்பு மையம்.

டயாலிசிஸுக்குப் புதுப் பெயரே வேண்டாம். அங்கே வருபவர் போர்டைப் பார்த்து வருவதில்லை. சிறுநீரக டாக்டர் எழுதிக் கொடுத்து வருகிறார், பிறகு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் வந்துகொண்டே இருப்பார். அவருக்கு வேண்டியது எந்தக் கட்டடம், எந்த மாடி என்பது. 'அ மருத்துவமனை, டயாலிசிஸ் பிரிவு, முதல் தளம்' போதும். அதற்கும் ஒரு லோகோ போட்டுக் கொடுக்க விளம்பர ஏஜென்சி ஆசைப்படும். போடக்கூடாது. வாசலில் ஆறு லோகோ தொங்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சுகர் கிளினிக் கதை வேறு. ஊரில் 'அ' என்றால் பிரசவ ஆஸ்பத்திரி. 55 வயது லாரி டிரைவர் ஒருத்தர் 'அ சுகர் கிளினிக்' என்ற போர்டைப் பார்த்தால், 'அது பொம்பளைங்க ஆஸ்பத்திரி ஆச்சே' என்று தாண்டிப் போய்விடுவார். அர்த்தம் குறுக்கே நிற்கிறது. ஆனால் அவருடைய மனைவிக்கு 'அ' மேல் இருபது வருஷ நம்பிக்கை, 'தேவையில்லாம டெஸ்ட் எழுத மாட்டாங்க' என்று. அந்த நம்பிக்கையையும் விடக்கூடாது. எண்டார்ஸ்டு பெயருக்கான இடம் இதுதான். முன்னால் சுகர் என்று உடனே தெரியும் தனிப் பெயர், பின்னால் சின்னதாக அ.

கருத்தரிப்பு மையம் இன்னும் நுட்பமானது. நாலு வருஷமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி, நிறைமாதக் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் வரவேற்பறை வழியாகப் போக விரும்ப மாட்டார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கமும் உண்டு. அதனால் தனி வாசல், தனிப் பெயர். அ-வின் ஜாமீன் வாசல் போர்டில் இல்லாமல் உள்ளே, ஃபைலிலும் பில்லிலும் இருந்தாலே போதும். கரு தங்கிவிட்டால் பிரசவம் அ-வில்தான் என்று டாக்டர் சொல்லும்போது அந்த ஜாமீன் தானாக வேலை செய்யும். ஆக்கர் இதை டோக்கன் எண்டார்ஸ்மென்ட் என்கிறார், அடையாளத்துக்கு ஒரு கையெழுத்து.

பெயர் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 'சுகர் கிளினிக்', 'ஹார்ட் சென்டர்' மாதிரி சேவையை அப்படியே சொல்லும் சொற்களை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வது கஷ்டம். 1999 டிரேட் மார்க்ஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதற்குத் தடை. எல்லாரும் பயன்படுத்த வேண்டிய சொல்லை ஒருவருக்குப் பட்டா போட முடியாதுதானே! ரொம்பத் தனித்துவமாக வைத்தாலோ டிரைவருக்கு என்ன கடை என்றே தெரியாது. 'பர்த்ரைட்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரசவத்தைக் காட்டுகிறது, ஆனால் பிரசவ வார்டு என்பதற்கான பொதுச்சொல் இல்லை. மருத்துவச் சேவைகள் 44-ஆம் வகுப்பில் வருகின்றன. பெயரை முடிவு செய்யும் முன் அந்த வகுப்பில் தேடிப் பார்ப்பது அரைமணி நேர வேலை. போர்டு, சீட்டு, கோட் எல்லாம் அடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்குவதைவிட மேல்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்தில் 'பை' போட்டால் தாய்ப் பெயர் தானாகப் பின்னால் போய்விடும். தமிழில் என்ன செய்வீர்கள்? 'ரெயின்போவின் பர்த்ரைட்' என்றால் தாய்ப் பெயர் முன்னால் வந்துவிட்டது. சினிமா போஸ்டர் பாணியில் 'ரெயின்போ வழங்கும் பர்த்ரைட்' என்றாலும் அப்படியே. நம் மொழியில் உடையவர் முதலில், உடைமை பிறகு. ஆங்கில போர்டில் எண்டார்ஸ்டு பிராண்டாக இருப்பது தமிழ் போர்டில் சத்தமில்லாமல் சப் பிராண்டாகிவிடும். லாரி டிரைவர் படிப்பது தமிழ் போர்டைத்தான், அதுவும் தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே ஒரே வாக்கியமாக எழுதாமல் இரண்டு வரியாகப் பிரிப்பதுதான் வழி. மேல்வரியில் கிளினிக்கின் பெயர் பெரிதாக. கீழ்வரியில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், 'அ மருத்துவமனைக் குழுமம்'. வேற்றுமை உருபு எதுவும் வேண்டாம். எழுத்தின் அளவே யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லிவிடும். 'பை அ' என்று ஆங்கில 'பை'யைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு 'எந்தப் பை?' என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னது போர்டு. ஜாமீனின் எடை வேறு இடத்தில் இருக்கிறது.

சுகர் கிளினிக் இரவு எட்டு மணிக்கு மூடுகிறது. பத்து மணிக்கு ஒருவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'அ மருத்துவமனைக் குழுமம்' என்று விளக்கு எரிகிறது. அங்கேதான் நிறுத்துவார்கள். ஷட்டர் மூடியிருக்கிறது. காஷுவால்ட்டி இருக்கும் இடம் இன்னும் மூன்று கிலோமீட்டர். தாய்ப் பெயரைக் கடன் கொடுத்தபோது 24 மணி நேர அவசர சிகிச்சை என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை. இது பிராண்ட் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதனால் அந்த போர்டில் 'மருத்துவமனை' என்ற சொல் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, 'குழுமம்' மட்டும்கூடப் போதும். வேலை நேரமும், 'அவசர சிகிச்சை இங்கே இல்லை' என்ற வரியும், அ-வின் காஷுவால்ட்டி நம்பரும் ஷட்டர் மூடிய பிறகும் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். பெயர் வைக்கும் மீட்டிங்கில் காஷுவால்ட்டி டாக்டர் ஒருவர் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இந்தக் காட்சி தோன்றாது.

அடுத்து ஃபைல். இது நம்ம டிபார்ட்மென்ட். ஜாமீன் பெயரைப் பார்த்த நோயாளி, 'என் ரிப்போர்ட் அங்கேயும் இருக்கும்' என்று நம்புவார். திங்கட்கிழமை சுகர் கிளினிக்கில் ரத்தம் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை அ-வின் காஷுவால்ட்டிக்குப் போய் போன் நம்பர் மட்டும் சொல்லுங்கள். டியூட்டி டாக்டரின் திரையில் உங்கள் ஹெச்பிஏ1சி அளவும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளும் வருகின்றனவா? வந்தால் ஜாமீன் நிஜம். 'புதுசா ஓபி சீட்டு போடுங்க' என்று சொன்னால், இரண்டு இடமும் ஒரே பெயரைப் போட்டுக்கொண்ட இரண்டு கடைகள், அவ்வளவுதான். இதற்குத் தேவை இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒரே நோயாளி எண். மருத்துவமனைகளில் இதை யுஹெச்ஐடி என்பார்கள். கிளினிக் தனி சாஃப்ட்வேர் வாங்கித் தனி எண் கொடுக்க ஆரம்பித்துவிட்டால், பிறகு சேர்ப்பது படாதபாடு. ஒரே போன் நம்பரில் அப்பா, அம்மா, மகன் மூவரும் பதிந்திருப்பார்கள். 'முருகன்' என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தப்பான முருகனின் ஃபைலோடு சேர்த்துவிட்டால் தப்பான மருந்து. ஆகவே பெயர் முடிவாகும் அதே நாளில் எண்ணும் முடிவாக வேண்டும், கிளினிக் திறக்கும் முன்.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கில் தாய் கிளாஸிலிருந்து எல்லாம் குழந்தை கிளாஸுக்குத் தானாக வரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் மட்டும்தான் தானாக வரும். என்ஏபிஹெச் அங்கீகாரம் அந்தந்த இடத்துக்குத்தான். அ-வுக்குக் கிடைத்த முத்திரையை சுகர் கிளினிக் சீட்டில் அச்சடிக்கக் கூடாது. இன்ஷூரன்ஸும் அப்படியே. நெட்வொர்க் பட்டியலில் ஒவ்வொரு இடமும் தனியாகச் சேர வேண்டும், அ-வில் கேஷ்லெஸ் உண்டு என்பதால் கருத்தரிப்பு மையத்திலும் உண்டு என்று ஆகாது. அந்த மையம் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தனியாகப் பதிவும் செய்திருக்க வேண்டும். ஆனால் நோயாளி பெயரைப் பார்த்து இவை எல்லாமே இருக்கும் என்று எடுத்துக்கொள்வார். கவுண்டரில் உட்காரும் பிள்ளைக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.

வைத்த பெயர் வேலை செய்கிறதா என்று பார்க்க சர்வே எல்லாம் தேவையில்லை. ஒரு மாதம் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கூப்பிடுபவர் முதலில் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'சுகர் கிளினிக்குங்களா?' என்று கிளினிக்கின் பெயரைச் சொன்னால் புதுப் பெயர் காலூன்றிவிட்டது. 'அ ஆஸ்பத்திரிங்களா, பஸ் ஸ்டாண்ட்ல இருக்கே?' என்றால் தாய்ப் பெயர்தான் இன்னும் ஓட்டுகிறது. போர்டில் எழுத்து அளவு தப்பு, அல்லது தனிப் பெயர் தேவையே இல்லை. 'அங்க இருக்கற டாக்டர் வந்திருக்காரா?' என்று மட்டும் கேட்டால் இரண்டு பெயருமே ஓட்டவில்லை, டாக்டர்தான் ஓட்டுகிறார். நம் ஊர்களில் இதுதான் அதிகம். அவர் வேறு இடத்துக்குப் போனால் கூட்டமும் கூடவே போகும். 'அதே ஆஸ்பத்திரிதானா, இல்ல பேர் மட்டுமா?' என்று யாராவது கேட்டால், அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டம் போடச் சொல்லுங்கள்.

ஜாமீனை எப்போது வாங்கிக்கொள்வது என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். கிளினிக்கை வேறொருவரோடு கூட்டாக நடத்தினால் இது இன்னும் முக்கியம். கூட்டாளி பிரிந்தால் எத்தனை நாளில் கீழ்வரி போர்டிலிருந்து இறங்க வேண்டும், ஃபைல்கள் யாரிடம் இருக்கும், கூகுள் மேப்பில் இருக்கும் இடத்தின் பாஸ்வேர்டு யாருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். கிளினிக் மூடி இரண்டு வருஷம் கழித்தும் மேப்பில் அ-வின் பெயரோடு அது இருக்கும், இரவு பத்து மணிக்கு யாராவது அதைப் பார்த்து ஆட்டோவைத் திருப்புவார்கள்.